டைல் மூட்டில் கோடு தெரிகிறதா: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்ய

துணிக்கோ பரிசு சுற்றும் தாளுக்கோ வடிவம் வரையும்போது நாம் வரைவது ஒரே ஒரு சதுரத்தைத்தான். அதையே பக்கத்தில் பக்கத்தில், மேலும் கீழும் ஒட்டிக்கொண்டே போனால் மீட்டர் கணக்கில் வடிவம் கிடைக்கும். அந்தச் சதுரம்தான் டைல். ஒட்டும் இடத்தில் கோடோ முறிவோ நிற வேறுபாடோ தெரிந்தால் எங்கே தேடுவது என்பதற்கான வழிமுறை இது. உங்கள் கோப்பில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும்.

எண்கள் குழப்பாமல் இருக்க, எல்லா இடத்திலும் ஒரே டைலை எடுத்துக்கொள்வோம்: 2400 × 2400 பிக்சல், அங்குலத்துக்கு 300 பிக்சல். அச்சில் அது 8 அங்குலம், அதாவது 20.32 செ.மீ.

எதைத் தொடும் முன்பும்: இரண்டு சோதனை

முதல் சோதனை, விளிம்பை நடுவுக்குக் கொண்டுவருவது. எல்லா லேயரையும் ஒன்றாக்கிய ஒரு நகலைத் திறந்து, அதை அகலத்திலும் உயரத்திலும் பாதி, அதாவது 1200 பிக்சல், நகர்த்துங்கள். ஒரு பக்கம் வெளியே போவது மறுபக்கம் உள்ளே வரவேண்டும். போட்டோஷாப்பில் `Filter > Other > Offset`, அதில் `Wrap Around`. ஜிம்ப்பில் `Layer > Transform > Offset`. நகர்த்தியதும் பழைய நான்கு விளிம்புகளும் நடுவில் ஒரு கூட்டல் குறி போல வந்து நிற்கும். குறை இருந்தால் அந்தக் கூட்டல் குறியின் மேல்தான் இருக்கும்.

லேயர்களை ஒன்றாக்காமல் இதைச் செய்தால் டைலின் எல்லையான சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளும் சேர்ந்து நகரும். இல்லாத குறையெல்லாம் இருப்பதுபோலத் தெரியும்.

இரண்டாவது சோதனை, டைலை மூன்றுக்கு மூன்றாக ஒட்டிப் பார்ப்பது. ஒன்பது நகலைக் கையால் அடுக்கினால் அடுக்குவதிலேயே பிழை வரும். கட்டளையைத் தட்டச்சு செய்து படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் மென்பொருள் இருந்தால் இரண்டு சோதனையும் இரண்டு வரிதான்:

```
magick tile.png -roll +1200+1200 roll.png
magick -size 7200x7200 tile:tile.png nine.png
```

`roll.png` கோப்பை 100% அல்லது 200% அளவில் பாருங்கள். 33%, 66.7% போன்ற அளவுகளில் திரையே கோடு போட்டுக் காட்டும். `nine.png` கோப்பை நேர்மாறாக, திரைக்குள் முழுவதும் அடங்கும் அளவில் வைத்து, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். முதலாவது மூட்டைக் காட்டும், இரண்டாவது வடிவத்தின் ஓட்டத்தைக் காட்டும். ஒன்றில் தெரியும் குறை மற்றதில் தெரியாது என்பதால் இரண்டும் வேண்டும்.

## அறிகுறி 1: முடி போல மெல்லிய வெள்ளைக் கோடு

பெரிதாக்கும்போதும் சிறிதாக்கும்போதும் கோடு தோன்றி மறைகிறதா?

அப்படியென்றால் கோப்பில் குறை இல்லை. வெக்டர் வடிவங்களையும் பிடிஎஃப்களையும் திரையில் காட்டும்போது, அடுத்தடுத்த இரண்டு டைலின் ஓரத்தையும் மென்பொருள் தனித்தனியே மென்மையாக்குகிறது. இடையில் பின்னணி கசிந்து கோடாகத் தெரிகிறது. அந்தக் கோப்பை உரிய பிக்சல் அளவில் பிஎன்ஜியாக எடுத்து 100% அளவில் பாருங்கள். கோடு போய்விட்டால் வேலை முடிந்தது. அச்சுக்கும் அந்தப் பிஎன்ஜியையே அனுப்புங்கள். பிடிஎஃப்பை அனுப்பினால் அச்சகத்தின் மென்பொருளும் அதே கோட்டைப் போட வாய்ப்பு உண்டு.

பிஎன்ஜியிலும் கோடு நிற்கிறதா?

அடுத்த சந்தேகம், ஓரப் பிக்சல் வரிசை அரைகுறையாக ஒளி ஊடுருவுவது. இதைச் சோதிக்க:

```
magick identify -format "%wx%h %[opaque]" tile.png
```

`2400x2400 True` என்று வரவேண்டும். `False` என்று வந்தால் கோப்பில் எங்கோ ஒளி ஊடுருவும் பிக்சல் இருக்கிறது. பெரும்பாலும் அது ஓரத்தில்தான். பின்னணிச் சதுரத்தைச் சட்டத்தின் அளவுக்குச் சரியாக வரைந்து, அந்தச் சட்டம் 0.4 பிக்சல் போல பின்னத்தில் நின்றிருந்தால் இப்படி ஆகும். ஓரப் பிக்சலில் பாதி நிறம், பாதி வெறுமை.

சரிசெய்வது எளிது. பின்னணிச் சதுரத்தைச் சட்டத்துக்கு வெளியே நாலா பக்கமும் 50 பிக்சல் நீட்டுங்கள். சட்டத்தின் X, Y, அகலம், உயரம் நான்கும் முழு எண்ணா என்று பார்த்துவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். அளவைச் செ.மீ.யில் கொடுத்துத் தொடங்கியவர்களுக்கு இது அடிக்கடி வரும். 20 செ.மீ. என்பது 300 அடர்த்தியில் 2362.2 பிக்சல். அந்த 0.2-தான் பிறகு கோடாக வந்து நிற்கிறது. முதலில் பிக்சலில் ஒரு முழு எண்ணைத் தீர்மானித்துவிட்டு, செ.மீ. எவ்வளவு வருகிறதோ அதை ஏற்றுக்கொள்வதே நல்லது.

சிலர் ஓரத்தில் ஒரு பிக்சலைச் சுற்றிலும் வெட்டிவிடுவார்கள். கோடு போகும், ஆனால் ஓரத்தைத் தாண்டும் ஒவ்வொரு பூவிலும் 2 பிக்சல் காணாமல் போய் அடுத்த அறிகுறி வந்துவிடும். பின்னணி ஒரே நிறமாக இருந்தால், வெட்டுவதற்குப் பதில் அதே நிறத்தில் ஒரு முழு லேயரை அடியில் வைத்துச் சேர்த்துவிடலாம்.

வரைந்தபோது இல்லாத கோடு, அளவை மாற்றிய பின் வந்ததா?

டைலைச் சிறிதாக்கும்போது ஒவ்வொரு புதிய பிக்சலும் சுற்றியுள்ள பிக்சல்களைக் கலந்துதான் உருவாகிறது. ஓரத்துக்கு வந்தால் கலக்க மறுபக்கம் ஒன்றும் இல்லை. இருப்பதை வைத்து மென்பொருள் ஒப்பேற்றிவிடுகிறது. மங்கலாக்குவது, கூர்மையாக்குவது எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வழி ஒன்றே: மூன்றுக்கு மூன்றாக ஒட்டி, அதன் மேல் அந்த வேலையைச் செய்து, நடு டைலை மட்டும் வெட்டி எடுப்பது. 2400-ஐ 1200 ஆக்க:

```
magick -size 7200x7200 tile:tile.png -resize 3600x3600 -gravity center -crop 1200x1200+0+0 +repage small.png
```

ஜேபெக்காகச் சேமித்த பிறகு வந்ததா?

ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக உடைத்துச் சுருக்கும். நிறத் தகவலைக் குறைக்கும் அமைப்பில் கட்டம் 16 × 16 ஆகவும் இருக்கும். டைலின் அளவு 16-ஆல் வகுபடாவிட்டால் ஓரத்தில் அரைக்கட்டம் மிஞ்சும், அங்கே நிறம் லேசாகப் பிசகும். 2400 என்பது 16-இன் 150 மடங்கு, பிரச்சினையில்லை. 2362 வகுபடாது. பிஎன்ஜி அல்லது டிஃப் எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஜேபெக் கொடுக்கவே வேண்டாம்.

இந்த அறிகுறிக்கு வெளியாள் தேவைப்படுவதில்லை.

## அறிகுறி 2: பூ, இலை, கொடி மூட்டில் முறிகிறது

முறிவு எவ்வளவு என்று முதலில் அளங்கள். `roll.png` கோப்பில் கூட்டல் குறியின் மேல் பெரிதாக்கி, கொடி எத்தனை பிக்சல் விலகியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

*ஒன்றிரண்டு பிக்சல் மட்டும் விலகல்:* நகலைக் கையால் இழுத்து வைத்திருக்கிறீர்கள், அல்லது வழிகாட்டிக் கோட்டில் அது தானாக ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓரத்தைத் தாண்டும் எந்த உருவத்தின் நகலையும் எண்ணைத் தட்டச்சு செய்துதான் நகர்த்தவேண்டும்.

ஒரு பூவை வைத்துப் பார்ப்போம். அகலம் 260 பிக்சல், அதன் இடது ஓரம் X = 2310-இல். வலது விளிம்பு 2400-இல் இருக்கிறது. ஆக 90 பிக்சல் உள்ளே, 170 வெளியே. அந்த 170-ம் இடப்பக்கம் உள்ளே வந்தாகவேண்டும். பூவை நகலெடுத்து, இடப்பக்கமாகச் சரியாக 2400 நகர்த்துங்கள்: 2310 − 2400 = −90. நகல் −90-இல் தொடங்கி 170-இல் முடியும். Y அப்படியே இருக்கவேண்டும். அதில் ஒரு பிக்சல் நழுவினாலும் இதழ் படிக்கட்டு போலத் தெரியும். போட்டோஷாப்பில் `Ctrl+T` அழுத்தி, மேல்பட்டையில் X, Y-க்கு நடுவே இருக்கும் முக்கோணத்தை இயக்கிவிட்டு, X-இல் −2400 px, Y-இல் 0 கொடுத்தால் கணக்குப் போடவே தேவையில்லை.

மேலோ கீழோ தாண்டினால் Y-இல் 2400. மூலையில் உட்கார்ந்த பூவுக்கு நான்கு பிரதி வேண்டும், மூலைக்கு ஒன்று. மூன்றோடு நின்றுவிடுவது சகஜம். நான்காவது மூலையில் ஒரு சிறு கடித்த தடம் போல வெறுமை தெரிந்தால் காரணம் அதுதான்.

*உருவம் பொருந்துகிறது, ஆனால் பாதி இலை மேலே, பாதி கீழே:* லேயர் வரிசையைப் பாருங்கள். வலப்பக்கப் பூ இலைக்கு மேலே இருக்க, அதன் இடப்பக்க நகல் இலைக்குக் கீழே போயிருக்கும். மூலமும் நகலும் அடுக்கில் அடுத்தடுத்து நிற்கவேண்டும்.

*நேற்று பொருந்தியது, இன்று பொருந்தவில்லை:* இடையில் ஒரு பிரதியை மட்டும் திருத்தியிருக்கிறீர்கள். நிறம், நிழல், அளவு, எதுவாக இருந்தாலும். ஓரத்து உருவங்களை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாகவோ குளோனாகவோ வைத்தால் ஒன்றைத் தொட்டால் எல்லாம் மாறும். இல்லையேல் நகலை அழித்துவிட்டு மறுபடி 2400 நகர்த்துவதுதான் வேகமான வழி; தேடித் தேடித் திருத்துவது வீண்.

ஹாஃப் டிராப்பில் மட்டும் முறிகிறதா?

இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். ஹாஃப் டிராப் என்பது ஒவ்வொரு அடுத்த நெடுவரிசையும் பாதி உயரம் இறங்கி உட்காரும் முறை. நேர் அடுக்குக்காக வரைந்த டைலை எடுத்து அமைப்பை மட்டும் ஹாஃப் டிராப் என்று மாற்றினால், மேல்கீழ் மூட்டு நன்றாக இருக்கும். இடவல மூட்டு முழுக்க முறியும். வலப்பக்கம் வெளியே போனது, அடுத்த நெடுவரிசை இறங்கிவிட்டதால், வேறு உயரத்தில்தான் உள்ளே வரவேண்டும்.

முன்பு பார்த்த பூ Y = 600-இல் இருந்ததாக வையுங்கள். நேர் அடுக்கில் நகல் (−90, 600). ஹாஃப் டிராப்பில் நகல் (−90, 1800). X-இல் 2400 கழிக்கிறோம், Y-இல் 1200 கூட்டுகிறோம். Y 2400-ஐத் தாண்டினால் 2400-ஐக் கழித்துக்கொள்ளவேண்டும். மேல்கீழ் தாண்டும் உருவங்களுக்கு விதி மாறாது: X அப்படியே, Y-இல் 2400.

இதைச் சோதிக்க முன்பு செய்த `roll.png` பயன்படாது. அது நேர் அடுக்கை மட்டும்தான் காட்டும். இரண்டு நெடுவரிசையை ஒட்டி ஓர் இரட்டை டைல் செய்துகொள்ளுங்கள்:

```
magick tile.png "(" +clone -roll +0+1200 ")" +append double.png
```

4800 × 2400 அளவில் வரும் இந்த `double.png` நேர் அடுக்காகவே ஒட்டக்கூடியது. இதை அகலத்தில் 2400 நகர்த்தினால் வெளி விளிம்பு நடுவுக்கு வரும். நகர்த்துவதற்கு முன்னும் பின்னும் நடுக்கோட்டைப் பார்த்துவிட்டால் இரண்டு மூட்டும் சோதித்தாயிற்று.

உயரம் இரட்டை எண்ணாக இருக்கவேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. 2401-இல் பாதி 1200.5, அரைப் பிக்சல் இறக்க முடியாது.

அச்சகத்துக்கு அனுப்பும்போது ஒரு பொறி உண்டு. `double.png` கோப்பைக் கொடுத்துவிட்டு ஆர்டர் படிவத்திலும் ஹாஃப் டிராப் என்று குறித்தால், ஏற்கெனவே இறங்கிய டைல் இன்னொரு முறை இறங்கும். ஒற்றை டைல் கொடுத்தால் ஹாஃப் டிராப், இரட்டை டைல் கொடுத்தால் நேர் அடுக்கு. இரண்டில் ஒன்றுதான்.

எப்போது வெளியாளிடம் கொடுப்பது: லேயர் எதுவும் இல்லாத தட்டைப் படம், அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பூக்கள், நான்கு பக்கமும் வெட்டுப்பட்டவை. இதை நீங்கள் ஒட்டுப்போடுவதைவிட, துணி வடிவங்களுக்கு ரிப்பீட் போடும் வடிவமைப்பாளர் ஓரத்து உருவங்களைப் புதிதாக வரைந்து கொடுப்பது சுத்தமாக இருக்கும்.

## அறிகுறி 3: உருவம் பொருந்துகிறது, பின்னணி நிறம் மாறுகிறது

வாட்டர்கலர், கைத்தாள், ஸ்கேன் செய்த அமைப்புகளில் வருவது. கொடி சரியாகச் சேரும், ஆனால் மூட்டின் ஒரு பக்கம் லேசாக இருட்டாக இருக்கும். திரையில் கண்ணுக்குத் தப்பினாலும், பெரிய துணியில் ஜன்னல் கட்டம் போட்டதுபோலத் தெரிந்துவிடும்.

கண்ணை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். `nine.png` கோப்பை 100 பிக்சல் ஆரத்துக்கு மங்கலாக்கி, பிறகு `Levels`-இல் கறுப்பையும் வெள்ளையையும் நெருக்கிக்கொண்டுவந்தால் நிற வேறுபாடு பளிச்சென்று எழும்பும். எவ்வளவு என்று அறிய, மூல டைலின் இட ஓரத்திலும் வல ஓரத்திலும், பூ இல்லாத வெற்றிடத்தில், நிற உறிஞ்சியை வைத்துப் படியுங்கள். ஒற்றைப் பிக்சலைப் படித்தால் தாளின் நரம்பு ஏமாற்றும், `31 by 31 Average` வையுங்கள்.

வேறுபாடு சீராக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஏறுகிறதா? ஸ்கேனரிலோ புகைப்படத்திலோ வெளிச்சம் சரிந்திருக்கிறது. இடப்பக்கம் 244, வலப்பக்கம் 236 என்று வைத்துக்கொள்வோம், வித்தியாசம் 8. ஒரு `Curves` லேயர் போட்டு, 236-ஐ 244 ஆக்கும்படி வளைத்து, அதன் மாஸ்க்கில் இடப்பக்கம் கறுப்பிலிருந்து வலப்பக்கம் வெள்ளைக்கு ஒரு நேர் சரிவு போடுங்கள். இடது ஓரம் தொடப்படாது, வலது ஓரம் முழுதும் உயரும், நடுவில் பாதி. மேல்கீழுக்கும் இதையே திரும்பச் செய்து, பிறகு எண்களை மறுபடி படியுங்கள். வித்தியாசம் 1-க்குள் வந்தால் போதும்.

வேறுபாடு திட்டுத்திட்டாக இருக்கிறதா? சரிவு உதவாது. டைலை 1200 நகர்த்தி, நடுவில் வந்த கூட்டல் குறியின் மேல் ஹீலிங் பிரஷ்ஷால் வேலை செய்யுங்கள். இந்த நேரத்தில் வெளி விளிம்புக்கு 100 பிக்சல் அருகில் தூரிகை போகக்கூடாது. நகர்த்திய பின் வெளி விளிம்புகள் தாமாகவே பொருந்தியிருக்கும், அங்கே தொட்டால் புது மூட்டு உண்டாகிவிடும். முடித்ததும் வேறோர் அளவு, 700 என்று வைத்துக்கொள்ளுங்கள், நகர்த்தி ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எப்போது வெளியாளிடம் கொடுப்பது: பின்னணி முழுக்க நிறம் படர்ந்து, உப்புப் போட்டதுபோல துகள் துகளாக நிற்கும் வண்ணப்பரப்பு என்றால், ஹீலிங் செய்த இடம் வழுவழுப்பாகத் தனித்துத் தெரியும். அப்போது இரண்டே வழி. பூக்களைத் தனியே வெட்டியெடுத்து ஒரே நிறப் பின்னணியில் வைப்பது, அல்லது பின்னணியை மட்டும் மறுபடி வரையச் சொல்வது. முதலாவதே பெரும்பாலும் அச்சில் நன்றாக வருகிறது.

## அறிகுறி 4: மூட்டில் குறையே இல்லை, இருந்தும் கோடு ஓடுகிறது

`roll.png` சுத்தமாக இருக்கும். `nine.png` கோப்பில் மட்டும் குறுக்கிலோ நெடுக்கிலோ ஆற்று வாய்க்கால் போல வெறுமை ஓடும். இது மூட்டுக் கோளாறு இல்லை, வைப்பு முறைக் கோளாறு. முறிந்துவிடுமோ என்ற பயத்தில் எந்த உருவமும் ஓரத்தைத் தாண்டாமல் வைத்திருப்பீர்கள். ஓரம் நெடுக ஒரு வெற்றுப்பட்டை நின்றுவிடுகிறது. இரண்டு டைல் சேரும்போது அது இரட்டிப்பாகிறது.

டைலை 1200 நகர்த்தி, நடுவில் வந்த வெற்றுப்பட்டையின் மேல் இரண்டு மூன்று பெரிய உருவங்களை, பட்டையைக் குறுக்காகத் தாண்டும்படி வையுங்கள். சின்னப் புள்ளிகளைத் தூவினால் வாய்க்கால் புள்ளிக்கோடாக மாறும், அவ்வளவுதான்.

கோடு வெறுமையால் அல்லாமல் ஒரே ஒரு அடர்நிறப் பூ திரும்பத் திரும்ப வருவதால் வந்தால், அதன் நிறத்தைத் தணியுங்கள், அல்லது அதே கனத்தில் இன்னொன்றை எதிர்மூலைப் பக்கம் வையுங்கள். அதுவும் போதாவிட்டால் ஹாஃப் டிராப்புக்குப் போகலாம்.

## அறிகுறி 5: திரையில் சுத்தம், அச்சில் மட்டும் கோடு

அளவுநாடாவை எடுத்துக் கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தூரம் டைல் அளவுக்குச் சமம் (நம் கணக்கில் 20.3 செ.மீ.): குறை கோப்பில். அனுப்பிய கோப்பை, உங்களிடம் உள்ள மூலத்தை அல்ல, திருப்பி வாங்கி அறிகுறி 1-இலிருந்து சோதியுங்கள். அச்சகம் அளவை மாற்றியோ ஜேபெக்காக்கியோ இருக்கலாம்.

தூரம் அதைவிட மிகக் குறைவு, அச்சுத்தலை ஓடும் திசையிலேயே கோடுகள்: டிஜிட்டல் அச்சின் பட்டைக்கோடு. தலையில் அடைப்பு, அல்லது துணி நகரும் அளவில் பிசகு. கோப்பில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. அச்சகத்திடம் நாசில் சோதனை அச்சு எடுக்கச் சொல்லுங்கள்.

தூரம் ஏறக்குறைய 64 செ.மீ.: ரோட்டரி ஸ்கிரீன் அச்சு என்றால் உருளையின் சுற்றளவில் டைல் முழுதாக அடங்கவில்லை. துணி அச்சில் பரவலாக உள்ள உருளைச் சுற்றளவு 64 செ.மீ. டைலின் உயரம் 64, 32, 21.33, 16 என்று அதை மிச்சமில்லாமல் வகுக்கவேண்டும். நம் 20.32 செ.மீ. டைல் மூன்று சேர்ந்தால் 60.96; 3.04 செ.மீ. மிச்சம். உருளை ஒரு சுற்று சுற்றியதும் அங்கே முறிவு விழும்.

இதற்கு டைலை மறுபடி வரையவேண்டாம், பிக்சலையும் தொடவேண்டாம். உயரம் 21.33 செ.மீ. ஆனால் மூன்று டைல் சரியாக அடங்கும், அதாவது ஏறக்குறைய 5% பெரிது. `Image Size`-இல் `Resample` குறியை எடுத்துவிட்டு, அடர்த்தியை 300-லிருந்து 285.75 ஆக்குங்கள். 2400 பிக்சல் அப்படியே இருக்கும், அச்சு அளவு மட்டும் 21.33 ஆகும். சுற்றும் தாள் உருளை அச்சில் போவதாக இருந்தாலும் கணக்கு இதேதான். அங்கே சுற்றளவு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் என்பதால், வரையத் தொடங்கும் முன்பே எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

உருளை செதுக்கியபின் இந்தப் பிழை தெரிந்தால், வடிவத்தின் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு புது உருளை செய்யவேண்டியிருக்கும். ஆறு நிறம் என்றால் ஆறு உருளை. ஆகவே ரோட்டரிக்குப் போகும் எந்தக் கோப்பையும் செதுக்குமுன் அச்சகத்தின் முன்தயாரிப்பு ஆளிடம் காட்டி, டைல் உயரத்தையும் நிறப் பிரிப்பையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் கேட்கும் கட்டணம் ஓர் உருளையின் விலைக்கு அருகில்கூட வராது.